ஷிசுயே கலந்த சூப்

செவ்வாய்தோறும் வரும் நர்ஸ் குவபராவின் காரில் ஆஸ்பத்திரியின் பெயர் எழுதியிருக்காது. அதையும் இரண்டு வீடு தள்ளித்தான் நிறுத்துவாள். ஷிசுயே கேட்டுக்கொண்ட ஏற்பாடு அது. தனக்கு ரத்தக் கொதிப்பு, அதற்காக நர்ஸ் வருகிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள். மகன் யாசுஹிரோவுக்கு மனச்சிதைவு நோய் என்பது அந்தத் தெருவில் ஈ காக்கைக்கும் தெரியாது. கணவர் இறந்தபின் இந்த ரகசியத்தைக் கட்டிக்காப்பதே அவளுக்கு முழுநேர வேலையாகிவிட்டது. அந்த வேலையில் ஒரு சிநேகிதிகூட மிஞ்சவில்லை.

யாசுஹிரோவுக்கு நாற்பத்தொரு வயது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஏழு மாதம். குவபரா அவனோடு உட்கார்ந்து எழுதிய பராமரிப்புத் திட்டம் ஒரே ஒரு தாள்தான். மாத்திரையைச் சுவரில் தொங்கும் பைகளிலிருந்து, நாளுக்கொரு பையாக, அவனே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். குரல் கேட்டால் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, எப்போது என்ன சொன்னது என்று குறித்துவைக்க வேண்டும். அது பொய் என்று யாரும் சண்டை போடக் கூடாது, ஆமாம் போடவும் கூடாது. வாரம் ஒருநாள் கடைக்காரரிடம் பேசிப் பழகும் ஒத்திகை. கடைசி வரி அம்மாவுக்கு: மாதம் ஒருமுறை நடக்கும், நோயாளிகளின் குடும்பத்தினர் கூட்டம். அதற்கு மட்டும் ஷிசுயே போனதே இல்லை. யாராவது பார்த்துவிட்டால்?

மூன்று வாரத்துக்கு முன் அவன் கோட்டைத் துவைக்கப் போட்டபோது பையில் இரண்டு மாத்திரைகள் அகப்பட்டன. போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்து ஆஸ்பத்திரியில் முடிந்தது. யாரிடமும் கேட்கவில்லை. கேட்க யார் இருந்தார்கள்? பழைய மருந்துச் சீட்டில் வாங்கி மிஞ்சிய மாத்திரைகளைக் கரண்டியால் நசுக்கித் தினமும், மிசோ என்ற சோயா விழுதைக் கரைத்து வைக்கும் அவனுடைய சூப்பில் கலந்தாள்.

நாலு நாளாக அவன் வீட்டில் எதையும் சாப்பிடுவதில்லை. உறை பிரிக்காத சோற்று உருண்டையைக் கடையில் வாங்கி, அறைக்குள் தனியாகத் தின்கிறான்.

"குரல் என்ன சொல்லுது?" என்று அந்தச் செவ்வாய்க்கிழமை குவபரா அவனிடம் கேட்டாள்.

"அம்மா சூப்புல என்னமோ போடறான்னு." அவன் கை நடுங்கியது. "எனக்குத் திரும்பவும் முத்துது போல."

"மாத்திரை?"

"வாரத்துல பட்டறை வேலைக்குப் போற ரெண்டு நாள் மட்டும் போடல. போட்டா கை நடுங்குது, அங்க அட்டைப்பெட்டி மடிக்க முடியல, எல்லாரும் பார்க்கறாங்க. மத்த நாள் ஒழுங்காப் போட்டேன். ஆனா இப்போ தினமும் நடுங்குது. பகல்லயே தூக்கம் வேற."

குவபரா பேனாவை மூடினாள். "நாளைக்கே டாக்டர்கிட்ட சொல்லிடறேன். சந்தேகம் அதிகமாயிருக்கு. மருந்தைக் கூட்டணுமா, கொஞ்சநாள் ஆஸ்பத்திரில இருக்கணுமான்னு அவர் பார்க்கட்டும்."

ஷிசுயே தேநீர்க் கெண்டியை எடுத்தாள். வாயைத் திறக்காவிட்டால் மகன் ஆஸ்பத்திரிக்குப் போவான். திறந்தால், உலகத்தில் அவளுக்கென்று இருக்கும் ஒரே ஆளான அவனும் அவளை வெறுத்துவிடுவான். தேநீரை ஊற்றினாள். கோப்பை நிரம்பி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"குவபரா-சான்," என்றாள். "அது குரல் இல்ல. நான்தான் போட்டேன்."

குவபரா அவளைத் திட்டவில்லை. எந்த மாத்திரை, எத்தனை, கடைசியாக எப்போது என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டாள்.

"அவர் போட்டது ஒண்ணு, நீங்க கலந்தது ஒண்ணு. சூப் குடிச்ச நாளெல்லாம் இரட்டை மருந்தும்மா. நடுக்கம், தூக்கம் எல்லாம் அதாலயும் இருக்கலாம். இப்பவே டாக்டருக்குப் போன் பண்றேன். யாசுஹிரோ-சான், அளவைக் குறைக்கலாமா, மாசத்துக்கு ஒரு ஊசியா மாத்திக்கலாமான்னு நீங்களே அவர்கிட்ட கேளுங்க. கேட்கறதை இப்பவே ஒத்திகை பார்ப்போமா?"

அவன் அம்மாவின் பக்கம் திரும்பினான்.

"மூணு வாரமா என் புத்தியையே நான் நம்பல," என்றான். "நீ என்கிட்ட கேட்டிருக்கலாம்."

"பயந்துட்டேன்டா."

"நானும்தான்."

ஷிசுயே அழுதாள். மன்னிப்புக் கேட்டாள். குவபரா டாக்டரிடம் பேசினாள். பழைய மாத்திரைகளை எல்லாம் வாங்கிக்கொண்டாள். 'யாசுஹிரோவுக்குத் தெரியாமல் எதுவும் கலப்பதில்லை' என்று தாளில் ஒரு வரி சேர்த்தாள். அதன் கீழே ஷிசுயே கையெழுத்துப் போட்டாள். கூட்டம் வரும் சனிக்கிழமை என்று குவபரா சொன்னபோது, எத்தனை மணிக்கு என்று முதல் தடவையாகக் கேட்டாள்.

சாயங்காலம் அவள் அடுப்படியில் நின்றபோது அறைக் கதவு திறந்தது. யாசுஹிரோ வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றான். அவள் தண்ணீர் வைத்ததை, டோஃபுக் கட்டியை வெட்டியதை, மிசோவைக் கரைத்ததைக் கண் கொட்டாமல் பார்த்தான். அவள் கிண்ணத்தை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"இன்னிக்கு வேண்டாம்மா," என்றான். "நாளைக்கும் வந்து பார்க்கறேன்."


ஷிசுயே தலையாட்டினாள். அந்தக் கிண்ணத்தைத் தன் பக்கம் வைத்து, தனியாக உட்கார்ந்து குடித்தாள்.