முள்கரண்டி அழுத்திய ஓரம்

எங்கள் இனிப்புக் கடைச் சமையலறையில் சோமாசிக்கு ஓரம் மடிப்பது நான். பதினோரு வருஷமாக. விரலில் தண்ணீர் தொட்டு ஓரம் முழுக்கத் தடவி, பூரணத்தை அளவோடு வைத்து, உள்ளே இருக்கும் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, கயிறு முறுக்கின மாதிரி மடித்துக்கொண்டே போவேன். எது என் மடிப்பு என்று எண்ணெய்ச் சட்டியருகே நிற்கிற மாஸ்டர் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்.

அன்று பெரிய கல்யாண ஆர்டர். முதலாளியம்மா முள்கரண்டியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்படி ஒவ்வொண்ணா முறுக்கிக்கிட்டிருந்தா எப்ப முடியும்? வீடியோல பாத்தேன். இதால நாலு அழுத்து அழுத்தினா போதும்."

தண்ணீர் தொடவில்லை. பூரணத்தைப் பிதுங்கப் பிதுங்க வைத்தார். தேங்காயும் சர்க்கரையும் ஓரமெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தன.

"ஓரத்துல தேங்கா இருந்தா ஒட்டாதும்மா" என்றேன்.

"எனக்கே சொல்லித் தர்றியா?"

வாயை மூடிக்கொண்டேன். அதுவும் எனக்குக் கைவந்த வேலைதான்.

இரண்டு பேருடையதையும் ஒரே தட்டில் வைத்து மாஸ்டரிடம் கொடுத்தோம். சட்டியில் விழுந்த கொஞ்ச நேரத்தில் சில சோமாசிகள் ஒவ்வொன்றாக வாய் பிளந்தன. பூரணம் எண்ணெயில் கொட்டிக் கருகியது. புகை நெடிக்கு முதலாளி ஓடிவந்தார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்துக்குப் பதில் நான்.

"எல்லாம் இவ மடிச்சதுங்க. வயசாயிடுச்சு, விரல்ல பலம் இல்ல. நாளைலேர்ந்து வேற ஆள் பாத்துக்கலாம்" என்றார் முதலாளியம்மா.

இந்த வேலை போனால் வேறு போக்கிடமில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

மாஸ்டர் அடுப்பை அணைத்துவிட்டு, ஜல்லிக்கரண்டியால் எல்லாவற்றையும் அள்ளித் தட்டில் பரப்பினார். வாய் பிளந்த ஒவ்வொன்றிலும் முள்கரண்டியின் நாலு கோடு. என் முறுக்கு ஒன்றுகூடப் பிரியவில்லை.

முதலாளி தட்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு ரொம்ப நேரம் சுவரைப் பார்த்தார்.

"சரி, நீ வேலையப் பாரு" என்றார் என்னிடம். "ஆனா ஆளுக்கொரு மடிப்புன்னா கடைக்கு நல்லாயில்ல. இனிமே எல்லாரும் முள்கரண்டியாலயே அழுத்துங்க."

வேலை தப்பியது. இப்போது நானும் முள்கரண்டிதான். தண்ணீர் தொட்டு, அளவோடு வைத்து, காற்றை வெளியேற்றி, மாவு கிழியாமல் அழுத்துகிறேன். ஒன்றும் வெடிப்பதில்லை. வருகிறவர்களிடமெல்லாம் முதலாளியம்மா, "இது நான் கொண்டுவந்த முறை" என்கிறார்.

அவர் உதவி செய்ய உட்காருகிற நாளில் மட்டும் சில வெடிக்கின்றன. எல்லாவற்றிலும் நாலு கோடுதான். யார் அழுத்தியது என்று மாஸ்டராலும் சொல்ல முடியாது.

எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.