இன்னொரு தடவை சொல்லுங்க

மலாயாவில், கிள்ளான் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பெண்களை வரிசையாக நிறுத்தி வைத்துக்கொண்டு, டாக்டருக்கு உதவியாளரான டிரெசர் ஜெயராஜ் ஒரு சீன வாக்கியத்தைச் சொன்னார். ஒரே ஒரு தடவைதான். அதை யார் திருப்பிச் சொல்கிறார்களோ அவர்களுக்கு மருத்துவச்சி வகுப்பில் இடம். வகுப்பு மலாய் மொழியில் நடக்கும். மொழி ஏறாத மண்டைகளை முதலிலேயே கழித்துவிட்டால் நேரம் மிச்சம் என்பது மகானுபாவரின் எண்ணம்.

வரிசையில் நின்ற ரமணி கிளிப்பிள்ளை போல ஒப்பித்துவிட்டாள். பக்கத்தில் நின்ற நல்லம்மாளுக்கு முதல் ஓசை மட்டும்தான் வாயில் வந்தது.

"ஒனக்கு வராதும்மா," என்றார் ஜெயராஜ். "கிள்ளானுக்கு வந்து எத்தனை வருஷமாச்சு?"

"பதினெட்டுங்க."

"பதினெட்டு வருஷமா பாசார்ல மீன் வாங்குற மலாயத் தாண்டல. இதெல்லாம் பொறப்புலயே இருக்கணும்லா."

நல்லம்மாளுக்குச் சுருக்கென்றது. ரப்பர் தோட்டத்து லயன் வீடுகளில் அவள் கையில் விழாத பிள்ளை குறைவு. இப்போது பதிவு இல்லாதவர்கள் பிரசவம் பார்க்கக் கூடாது என்று சட்டம் வந்திருக்கிறது. அவளை ஒரு முறை எச்சரித்தும் விட்டார்கள். பதிவு வேண்டுமென்றால் வெள்ளைக்கார டாக்டரம்மாவின் முன்னால் மலாயில் பதில் சொல்லித் தேற வேண்டும். இல்லையென்றால் மறுபடி தோட்டத்தில் புல்வெட்டுதான். அந்த வேலைக்குத் திரும்புவதில்லை என்று அவள் என்றைக்கோ முடிவு செய்திருந்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போதே யோசித்தாள். பதினெட்டு வருஷம் இருந்தாளே தவிர, யாரோடு பேசினாள்? கங்காணி தமிழ், கடைக்காரர் தமிழ், கோயில் தமிழ். மீன்காரனிடம் பேசியது நாலு சொல். அந்த நாலு சொல்லுக்கு மீன் கிடைத்துவிட்டது, ஐந்தாவதை அவள் தேடவில்லை. தப்பாகப் பேசினாலும் அவன் திருத்தவில்லை. அவனுக்கென்ன, விற்றால் போதும்.

மறுநாள் கம்பம் என்கிற மலாய்க் குடியிருப்புக்குப் போய் மாக் தீமா என்ற மலாய் மருத்துவச்சியின் வாசலில் நின்றாள். ஒரு கஷ்டமான பிரசவத்தில் இருவரும் சேர்ந்து பாடுபட்டிருந்தார்கள். உன் கூடையை நான் தூக்குகிறேன், நான் தப்பாகப் பேசினால் விடாதே என்று அரைகுறை மலாயில் கேட்டாள். மாக் தீமா சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள். அப்புறம் கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை.

அந்த மாதங்கள் அவமானமாகத்தான் இருந்தன. அவள் வாயைத் திறந்தால் கம்பத்துப் பிள்ளைகள் அவளைப் போலவே பேசிக் காட்டின. முகம் எரியும், ஆனாலும் மறுநாள் போவாள். திரும்பும் வழியில் அன்று கேட்ட சொற்களைத் தானே நினைவுக்குக் கொண்டுவரப் பார்ப்பாள். வராத சொல்லை மறுநாள் வேண்டுமென்றே பேச்சில் இழுப்பாள். நேற்று கிடைத்தது இன்று தொலைந்துவிடும், நாலாம் நாள் ஒட்டிக்கொள்ளும்.

இதற்குள் ரமணி வகுப்பு முடித்துத் தேறிவிட்டாள். அவள் பேசினால் மலாய்க்காரியே திரும்பிப் பார்ப்பாள். நல்லம்மாளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ரமணியின் காது வரம்தான், அதை இல்லையென்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த வரம் இல்லாதவள் வீட்டில் குந்தியிருக்க வேண்டும் என்பதை மட்டும் அவளால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அடுத்த தேர்வுக்குப் போய் நின்றாள். "வகுப்புக்கே வரலையேம்மா," என்றார் ஜெயராஜ்.

"வகுப்புல நீங்க எடம் குடுக்கலைங்க. கேள்வி கேக்கப் போறது டாக்டரம்மாதானே."

டாக்டரம்மா ஒரு மலாய்க் கர்ப்பிணியைக் காட்டி, விசாரித்துச் சொல் என்றார். அந்தப் பெண் படபடவென்று பேசினாள். நடுவில் ஒரு சொல் நல்லம்மாளுக்குப் புரியவில்லை. தலையாட்டிவிடலாம், பலர் அப்படித்தான் செய்வார்கள். அவள் கம்பத்தில் பழகியபடி, புரியவில்லை, வேறு மாதிரி சொல்லு என்று மலாயில் கேட்டாள். மறுபடியும் கேட்டாள். அந்தப் பெண் மேல்வயிற்றைத் தொட்டு அழுத்திக் காட்டினாள். தலைவலி உண்டா, கண் மங்குகிறதா என்று நல்லம்மாள் கேட்டாள். உண்டு என்றாள். வீங்கிய காலைப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவிடம் திரும்பி, கோணல் உச்சரிப்பில், இது ஆபத்து, இவளை வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்றாள்.

தேறிவிட்டாய் என்றார் டாக்டரம்மா.

தாழ்வாரத்தில் ஜெயராஜ் வழிமறித்தார். மனுஷனுக்கு ஆறவில்லை. அதே சீன வாக்கியத்தைச் சொல்லி, "எங்கே, இப்ப சொல்லு பார்ப்போம்," என்றார்.

நல்லம்மாளுக்கு அன்று போலவே முதல் ஓசைதான் வந்தது.

"பாத்தியா. நான் சொன்னது பொய்யில்ல."

"பொய்யில்லைங்க. எனக்கு அந்தக் காது இல்லதான்," என்றாள் அவள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார். பாதி வந்தது.

"இன்னொரு தடவை."

அவர் நகரப் பார்த்தார். அவள் வழியை விடவில்லை. வார்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஜெயராஜ் வியர்த்து வியர்த்துச் சொன்னார், அவள் கேட்டுக் கேட்டுத் திருப்பினாள். கடைசியில் முழு வாக்கியமும் அவள் வாயிலிருந்து வந்தது.

"வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சு."

"அன்னிக்கு நீங்க ஒரு தடவையோட நிறுத்திட்டீங்க," என்று சொல்லிவிட்டுக் தன் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.