புகார் எண் பதினான்கு

இதனால் சகல வாகன ஓட்டிகளுக்கும், பாதசாரிகளுக்கும், சிக்னலில் பொறுமையிழந்து நிற்கும் அனைத்து ஜீவராசிகளுக்கும் அறிவிப்பது என்னவென்றால், இந்நகரின் மிகப் பொறுமையான மனிதர் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்கு, முன்பின் தெரியாத ஒருவரை "எருமை" என்று அழைத்தார்.

அவர் ஒரு டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பொறுமை மாஸ்டர் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் மாணவரிடம்கூட, "பரவாயில்லைங்க, அது பக்கத்துல இருக்கிற பெடல்" என்பார். வண்டி அதற்குள் பாதி நடைபாதையில் ஏறியிருக்கும்.

இந்த மகானுக்கு இரண்டு புகார்கள் ஏற்கெனவே வந்திருந்தன என்பதுதான் ஸ்கூலில் யாருக்கும் பிடிபடாத புதிர். இரண்டுமே மாணவரை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது நடந்தவை. ஸ்கூல் முதலாளி அவர் மனைவியின் அண்ணன். "மாப்ள, உறவு வேற, வண்டி வேற. மூணாவது புகார் வந்துச்சுன்னா ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டேன். டெஸ்க்ல உக்கார வச்சிருவேன்" என்று எழுதியே கொடுத்திருந்தார். இருபத்தொரு வருஷமாக ஓட்டுவதைத் தவிர மாஸ்டருக்கு வேறு எதுவும் தெரியாது. டெஸ்க் என்ற சொல்லைக் கேட்டாலே முழங்கால் வலித்தது.

அன்று கடைசி மாணவியை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, வழக்கப்படி கூரையிலிருந்த 'எல்' பலகையைக் கழற்றி டிக்கியில் போட்டார். பலகை இறங்கியதும் மாஸ்டரும் கொஞ்சம் இறங்கிவிடுவார். தோள் தளரும், பெல்ட் இறுகும், பக்கக் கண்ணாடிகளில் ஒட்டியிருக்கும் கருப்புத் தாளுக்குப் பின்னால் அவர் யாருடைய மாஸ்டரும் இல்லை. வெளியே பார்த்தால் எல்லாம் தெரியும், உள்ளே பார்த்தால் ஒரு நிழல்தான். போன மாதம் முதலாளி வண்டியின் பின்புறம் முழுக்க ஸ்கூல் பெயரையும், இரண்டு கை அளவுக்குத் தொலைபேசி எண்ணையும் எழுதவைத்திருந்தார். ஓட்டுகிறவர் தன் வண்டியின் முதுகைப் பார்ப்பதில்லை. பார்க்காததை யாருக்கு ஞாபகமிருக்கும்?

சிக்னல் பச்சையானது. முன்னால் நின்ற சாம்பல் நிறக் கார் நகரவில்லை. ஒரு நொடி. இரண்டு நொடி. மாஸ்டர் ஹாரனை அழுத்தினார். ஹாரனுக்குத் தெரிந்தது ஒரே வார்த்தை. "தயவுசெய்து" என்பதையும் "செத்துத்தொலை" என்பதையும் அது ஒரே மாதிரிதான் சொல்லும்.

இதே ஆள் ரேஷன் வரிசையில் முன்னால் நிற்பவர் தாமதித்தால், "சார், உங்க முறைங்க" என்று தோளைத் தொடாமல் சொல்லியிருப்பார். அங்கே ஒரு பிடரி தெரியும், காது தெரியும், திரும்பினால் ஒரு முகம் வரும். இங்கே தெரிந்தது இரண்டு சிவப்பு விளக்கும் ஒரு நம்பர் பிளேட்டும். நம்பர் பிளேட் முகம் சுளிக்காது. சுளிக்காததால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

"எருமை. டேய் எருமை. பச்சைன்னா உனக்குப் புல்லா?"

பதில் வரவில்லை. எனவே சத்தத்தைக் கூட்டினார். வளைத்துத் தாண்டும்போது கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி, வண்டியோடு சேர்த்து அதை ஓட்டுபவரின் பரம்பரையையும் குறிப்பிட்டுவிட்டு, ஏற்றிக்கொண்டார். ஒருவிதத்தில் இதமாகவே இருந்தது. இனி அந்த ஆளைப் பார்க்கப்போவதில்லை.

அடுத்த சிக்னலில் போன் அடித்தது. விசாரணைக்கு வரும் அழைப்புகளைக் கவனிக்கும் பெண் விடுப்பில் இருந்ததால், ஸ்கூல் எண்ணை மூன்று நாளைக்கு மாஸ்டரின் போனுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். ஸ்பீக்கரைத் தட்டினார்.

"வணக்கங்க. டிரைவிங் ஸ்கூல். சொல்லுங்க, எப்படி உதவலாம்?" குரலில் வெண்ணெய் உருகியது.

"சார், உங்க வண்டி ஒண்ணு முன்னாடி நிக்குது. அதுல ஒரு காட்டுமிராண்டி உக்காந்திருக்கான்."

"அடடா. மனசுக்குக் கஷ்டமா இருக்குங்க. என்ன பண்ணினாருங்க?"

"ரெண்டு நொடி நகரலைன்னு எருமைங்கிறான். ஒரு அம்மா கைக்குழந்தையோட ரோட்டைத் தாண்டிக்கிட்டிருந்தாங்க சார். பச்சை விழுந்தாலும் பாத்துட்டுத்தானே போகணும்?"

அதை மாஸ்டர் தினம் காலை ஏழு மணிக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார். "கண்டிப்பாங்க" என்றார், முழு மனதோடு. "இப்படிப்பட்ட ஆளுங்களை விடவே கூடாது. ஆளு பார்க்க எப்படிங்க?"

"முகம் எங்க தெரியுது? கருப்புக் கண்ணாடி. பின்னாடி உங்க நம்பர்தான் தெரியுது."

மாஸ்டர் மெல்லப் பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தார். இரண்டு வண்டி தள்ளி, சாம்பல் நிறம். வாகனங்கள் நகர, அது பக்கத்து வரிசையில் வந்து ஒட்டி நின்றது. கண்ணாடி போட்ட, சட்டைப்பையில் இரண்டு பேனா குத்திய, நாற்பது வயது மனிதர். அவர் உதடு அசைந்தது, சொல் போனில் வந்தது.

"இதோ பக்கத்துலயே நிக்கிறான். ஒரு நிமிஷம் சார்." மனிதர் போனைத் தொடையில் கவிழ்த்துக்கொண்டு, மாஸ்டரின் கறுத்த கண்ணாடியைப் பார்த்து வாயைத் திறந்தார். "டேய் பன்னாடை" என்பது தொடை வழியாகவும் லேசாகக் கேட்டது.

மாஸ்டரின் விரல் தானாகப் போய் போனின் மைக்கைத் துண்டித்தது. "நீதாண்டா பன்னாடை" என்று கண்ணாடியைப் பார்த்துக் கத்திவிட்டு, விரல் மறுபடி தட்டியது.

"மன்னிக்கணும் சார், காக்க வச்சுட்டேன்" என்றார் அந்த மனிதர்.

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்றார் மாஸ்டர்.

அப்போதுதான் அவருக்குத் தலை சுற்றியது. போனில் இருப்பவரோடு உட்கார்ந்து ஒரு காபி குடிக்கலாம் போலிருந்தது. பக்கத்துக் காரில் இருப்பவனை இறங்கி அறையலாம் போலிருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. தான் எந்தப் பக்கம்?

"சார், புகார் நம்பர் குடுங்க. உங்க முதலாளிகிட்ட நாளைக்குக் கேட்பேன். ஆனா ஒண்ணு, நீங்க பேசுற விதத்துல பாதிக் கோவம் போயிருச்சு."

ஒரு பொய் எண்ணைச் சொல்லியிருக்கலாம். இவ்வளவு மரியாதையாகக் கேட்பவரிடம் வாய் வரவில்லை. "பதினாலுங்க" என்று, ஸ்கூல் பதிவேட்டின் அடுத்த எண்ணையே சொன்னார்.

மறுநாள் காலை பதிவேட்டில் தன் அழகான கையெழுத்திலேயே எழுதிவைத்தார். முதலாளி படித்தார்.

"யாரு மாப்ள இது?"

"நான்தான் மச்சான்."

"அப்ப புகார் குடுத்தவர் காலையில என் சொந்த நம்பரைத் தேடிப் பிடிச்சு போன் பண்ணி, உங்க ஆபீஸ்ல தங்கமான மனுஷன் ஒருத்தர் பேசினார்னு சொன்னாரே, அது?"

"அதுவும் நான்தான்."

முதலாளி பதிவேட்டை மூடினார், திறந்தார். "எதுக்குத் திட்டின? அவரு உனக்கு என்ன பண்ணாரு?"

மாஸ்டர் நேர்மையாக யோசித்தார். "அவர் ஒண்ணும் பண்ணலை. அங்க அவர் இருக்கார்னே தோணலை மச்சான். காரைத்தான் திட்டினேன்."

"காருக்கு ஏதுடா பரம்பரை?"

"அதான் எனக்கும் புரியலை."

"அவருக்கு உன்னைத் தெரியாதுங்கிற தைரியம்."

"அப்படின்னா தெரிஞ்சவங்ககிட்ட நான் நல்லவனா இருக்கிறது பயத்துலயா?"

முதலாளி, எழுதிக்கொடுத்தது எழுதிக்கொடுத்ததுதான் என்று சாவியை வாங்கிக்கொண்டு, நாற்காலியைக் காட்டினார். ஏழரை மணி மாணவிக்கு மாஸ்டர் வேண்டும். வேறு ஆள் இல்லாததால் முதலாளியே வண்டியை எடுத்துக்கொண்டு அவளை ஏற்றிவரக் கிளம்பினார்.

பொறுமை மாஸ்டர் டெஸ்க்கில் உட்கார்ந்தார். பதினொரு நிமிஷம் கழித்து போன் அடித்தது. யாரோ ஒருவர், ஸ்கூல் வண்டி ஓட்டிப்போன ஆள் தன்னை நாய் என்று சொன்னதாகச் சொன்னார்.

மாஸ்டர் மிகவும் வருத்தம் தெரிவித்து, பதினைந்து என்று எண் கொடுத்தார்.