கடைசி வாக்கியத்தில் ஒரு பொய்

ஆபித் பாஷாவின் கட்டுரையை முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. தலைப்பு ‘என் தந்தையின் தொழில்’. முதல் பக்கம் முழுக்கக் கதிரவன் உதித்துக்கொண்டே இருந்தான். செங்கதிர்களைப் பரப்பினான், புள்ளினங்களை எழுப்பினான், தாமரைகளை மலர்த்தினான். ஆபித்தின் அத்தா மட்டும் இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை.

“நறுமணம் கமழும் மேல்விஷாரம்னு எழுதியிருக்கியே, உன் மூக்குல இன்னா அடைச்சிருக்கு?” என்றேன்.

“ஊரைப் பத்தி எழுதினா அப்பிடித்தானே எழுதுவாங்க?”

“தோல் பதனிடற ஷாப் இருக்கிற ஊரையா?”

அவன் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் இல்லை. அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாவது பாரத்தில் ஒருவன் மேடையேறித் தன் கட்டுரையை வாசிப்பது எங்கள் பள்ளி வழக்கம். ஆபித்தைத் தேர்ந்தெடுத்திருந்த தமிழ்ப் பண்டிதர், காலையில் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “ஒரே தாளில் அடங்கணும். சாப்பாட்டு மணிக்குள்ள வரலேன்னா வேற பையன் வாசிப்பான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வகுப்பின் கையெழுத்துப் பத்திரிகைக்கு நான் ஆசிரியன். மற்றவர்கள் எழுதியதை வெட்டுவதில் எனக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. அதனால் ஆபித் நேராக என்னிடம் வந்தான்.

அவனுக்கு இந்த மேடை ஏன் அவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியும். அவன் அத்தா சர்தார் பாஷா, மேல்விஷாரத்துத் தோல் ஷாப் ஒன்றில் பட்டைத் தொட்டி மேஸ்திரி. பரீட்சை முடிந்ததும் மகனைத் தன்னோடு வேலைக்குச் சேர்த்துக்கொள்ள முதலாளியிடம் சொல்லி வைத்திருந்தார். ஆபித்துக்குக் காலேஜில் கணக்குப் படிக்க ஆசை. அதை அத்தாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. இன்று அவர் விழாவுக்கு வருகிறார். மகன் மேடையில் நின்று வாசிப்பதைக் கேட்டால் மனசு இளகும் என்று நம்பிக்கொண்டிருந்தான்.

வெளியே பெஞ்சுகளை இழுத்துப் போடும் சத்தம் காதைப் பிளந்தது. நான் சிவப்பு மையைத் தொட்டு ஆரம்பித்தேன். கதிரவன் போனான். தாமரைகள் போயின. ‘மிகவும்’, ‘பெரிதும்’, ‘சொல்லொணா’ எல்லாம் போயின. ‘அயராது ஓயாது சலியாது உழைக்கும்’ என்ற இடத்தில், மூன்றும் ஒன்றுதானே என்று மூன்றையும் அடித்தேன். என்ன வேலை செய்கிறார் என்று சொன்னால் உழைப்பு தானாகத் தெரியப்போகிறது. ‘தந்தையின் பொற்கரங்கள்’ என்பதையும் விடவில்லை. ஆபித் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

வெட்டியதைப் படித்துக் காட்டினேன். ‘என் தந்தை தோல் பதனிடுகிறார். தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு மயிர் நீக்குவார்கள். பிறகு ஆவாரம்பட்டைத் தொட்டியில் போடுவார்கள்.’ எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது.

“இது எவன் அத்தா?” என்றான் ஆபித்.

“இன்னாடா?”

“ஆம்பூர்ல ஒருத்தன், பேரணாம்பட்டுல ஒருத்தன், யாரு வேணா இதை எழுதலாம். எங்கத்தா எங்க இதுல? கையைக்கூட அடிச்சிட்டியே!”

“பொற்கரம்னு ஊர்ல எல்லாரும் எழுதறான். நூறு பேர் தொட்ட வார்த்தை.”

“அவர் கை நெஜமாவே மஞ்சள்டா!” என்று கத்தினான். “பட்டைத் தண்ணில ஊறி ஊறி மஞ்சளாய்டுச்சி. பெருநாளைக்குச் சோப்பு போட்டுத் தேய்ப்பாரு, போகாது. மஞ்சள்னா அசிங்கமா இருக்குமேன்னுதான் பொன்னுன்னு எழுதினேன்.”

எனக்குச் சுருக்கென்றது. அலங்காரம் என்று நினைத்து, கட்டுரையிலேயே உண்மையான ஒரே இடத்தை நான் வெட்டியிருந்தேன். அதற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை நான். “அப்போ அதையே எழுதித் தொலையேன்!” என்று பேனாவை அவன் கையில் திணித்தேன்.

புதுத் தாளோடு உட்கார்ந்தான். ‘என் அத்தாவின் கை மஞ்சள். பெருநாளன்று சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது’ என்று எழுதினான். ‘தந்தை’ என்று மாற்றப் போனவனைத் தடுத்தேன். வீட்டில் கூப்பிடுகிற சொல் அங்கே இருந்தால்தான் அது அவன் கட்டுரை. அவன் பேச்சில் ஒரு குறும்பு உண்டு. அது நாலு பக்கத்தில் எங்கேயும் தலைகாட்டவில்லை. “ஷாப்புல வேற இன்னா பாப்பே, சொல்லு” என்று பிடுங்கினேன். தோல் பதமாகிவிட்டதா என்று அத்தா ஓரத்தை வெட்டிப் பார்ப்பாராம். நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் பட்டைச் சாறு உள்ளே இறங்கவில்லை என்று அர்த்தமாம். தோல் மறுபடி தொட்டிக்கே போகுமாம். “முதலாளி அவசரப்படுவாரு, தோலு அவசரப்படாது. அத்தா தோலு பக்கம்தான் நிப்பாரு” என்றான். அதை வாயில் வந்தபடியே எழுதச் சொன்னேன்.

மூன்று பக்கம் ஒழிந்தது. மீதி இருந்தது கடைசிப் பத்தி. ‘யானும் எந்தையின் அடிச்சுவட்டைப் பற்றி, அன்னார் போற்றிய அருந்தொழிலையே என் உயிர்மூச்செனக் கொண்டு வாழ்வேன் என்று இப்பேரவையின்முன் சூளுரைக்கின்றேன்.’

‘அன்னார்’, ‘உயிர்மூச்சு’, ‘சூளுரை’ என்று ஒவ்வொன்றாக அடித்தேன். என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தேன். ‘நானும் இந்தத் தொழிலையே செய்வேன்.’ அவ்வளவுதான்.

“ஆபித், இது நெஜமா?”

“கட்டுரைன்னா கடைசில ஒரு சபதம் வரணும்ல. மாதிரிக் கட்டுரைல எல்லாம் அப்பிடித்தானே இருக்கு.”

“உங்கத்தா எதிர்ல உக்காந்திருப்பாருடா. முதலாளியும் வந்திருப்பாரு. நீ மேடையில நின்னு வாக்குக் குடுக்கப் போறியா?”

அவன் தாளைப் பிடுங்கிப் படித்தான். அத்தனை பூவுக்கும் நடுவில் அந்த வாக்கியம் என்ன சொல்கிறது என்று எழுதியவனுக்கே தெரிந்திருக்கவில்லை. “அதை அடிச்சிடு. சபதமே வேணாம்” என்றான்.

“அடிச்சா கட்டுரை அந்தரத்துல நிக்குது. அத்தா வேலையைப் பத்தி இவ்ளோ சொல்லிட்டு, நீ இன்னா செய்யப் போறேன்னு சொல்லலேன்னா கேக்கிறவன் கேப்பான்.”

சாப்பாட்டு மணி அடித்தது. ஆபித் பேனாவை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். பிறகு ஒரே மூச்சில் எழுதி, மை காய்வதற்குள் தாளை எடுத்துக்கொண்டு பண்டிதரிடம் ஓடினான்.

சாயங்காலம் கூட்டம் நிரம்பி வழிந்தது. சர்தார் பாஷா வெள்ளை ஜிப்பாவில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆபித் வாசித்தான். தோல் அவசரப்படாது என்ற இடத்தில் முதல் வரிசையிலிருந்த முதலாளியே சிரித்துவிட்டார். கடைசிப் பத்திக்கு வந்ததும் ஆபித் நின்றுவிட்டான். பழைய சபதம் அவனுக்கு மனப்பாடம். அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம்.

“இந்த வேலையை என் அத்தா அளவுக்கு யாரும் செய்ய முடியாது. நானும் முடியாது. நான் கணக்குப் படிக்க ஆசைப்படுகிறேன்.”

கைதட்டு கொஞ்சம் தாமதித்துத்தான் வந்தது. சர்தார் பாஷா கைதட்டவில்லை.

விழா முடிந்து வாசலில் அவர் மகனை நிறுத்தினார். நான் நகர்ந்துகொள்ளப் பார்த்தேன்; ஆபித் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

“ஷாப்புக்கு வர்றியான்னு எத்தினி தபா கேட்டேன்?” என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. “ஒவ்வொரு தபாவும் இன்னா சொன்னே?”

ஆபித் தலையைக் குனிந்துகொண்டான். “‘உங்க இஷ்டம், அத்தா’ன்னு சொன்னேன்.”

“மரியாதையா பேசறான் பையன்னு சந்தோஷப்பட்டுக்கினு இருந்தேன். ஊரு பூரா கேட்டப்புறம் எனக்குத் தெரியுது.” அவர் கண் கலங்கியிருந்தது. “எங்கிட்ட வூட்லயே சொல்றதுக்கு உனக்கு இன்னாடா கஷ்டம்?”

மேடையில் அத்தனை பேர் முன்னால் வாசித்தவன், என் சட்டையை விட்டுவிட்டு அத்தாவின் மஞ்சள் கையைப் பிடித்துக்கொண்டான்.