அட்டைப்பெட்டியும் சொட்டுக்குழாயும்

மகளிர் குழுத் தலைவியை எல்லோரும் கத்தரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தையற்காரி என்பது பாதிக் காரணம். யார் பேச்சையும் நடுவிலேயே வெட்டிவிடுவாள் என்பது மீதி.

அன்றைய கூட்டத்துக்கு மருந்தியல் கல்லூரியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். மருந்து வாங்கும்போது லேபிளைப் பார்ப்பது எப்படி என்று பேச வேண்டுமாம். அதற்காக ஆளுக்கொரு மருந்தை வீட்டிலிருந்து கொண்டு வரச் சொல்லி முன்னாலேயே தகவல் அனுப்பியிருந்தாள். அவள் போட்டிருந்த வெள்ளைக் கோட்டுக்குள் அவளைப் போல இன்னொருத்தி தாராளமாக நுழையலாம். கோட்டின் கைகள் அவள் விரல் நுனி வரை தொங்கின. கத்தரியக்காவுக்கு அதைப் பார்க்கவே கை அரித்தது.

"பத்து நிமிஷம்தான் பாப்பா. எம் பொண்ணுக்குக் காய்ச்சல். ராத்திரி காவல் வேலை முடிச்சு வந்த மனுசன்கிட்ட விட்டுட்டு வந்திருக்கேன்" என்றாள் கத்தரியக்கா.

"சரிங்கக்கா, சீக்கிரம் முடிச்சிடறேன்" என்றாள் மாணவி. எழுதிக் கொண்டுவந்த காகிதத்தை அவசரமாகப் பிரித்தாள்.

குழந்தைக்கு ஒரு வயது. முந்தின நாள் டாக்டர் எடை பார்த்து, காய்ச்சல் சிரப்பை ஐந்து மில்லி கொடுக்கச் சொல்லியிருந்தார். வீட்டிலிருந்த பாட்டில் காலையோடு தீர்ந்துபோனது. கூட்டத்துக்கு வரும் வழியில் மருந்துக்கடையில் புதிதாக ஒன்று வாங்கி, வீட்டுக்குத் திரும்பி ஓடிக் கணவன் கையில் கொடுத்தாள். குழந்தை எழுந்ததும் பழைய மூடியில் கோடு வரைக்கும் ஊற்றிக் கொடு என்று சொன்னாள். கூட்டத்தில் காட்டுவதற்குப் பாட்டில் எதற்கு, அட்டைப்பெட்டி போதாதா என்று அதை மட்டும் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

மாணவி தொடங்கினாள். முதலில் மருந்தின் பெயரைப் பாருங்கள், கம்பெனி வைத்த பெயரை மட்டுமல்ல, அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் சொந்தப் பெயரையும் பாருங்கள் என்றாள். பிறகு காலாவதித் தேதி. மாத்திரை அட்டையை வெட்டி வாங்கினால் தேதி இருக்கும் பக்கம் கடையிலேயே தங்கிவிடும், கேட்டுப் பார்த்து வாங்குங்கள் என்றாள். பெண்கள் ஆளுக்கொரு அட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்கள். இட்லிக்கடைக்காரியின் தலைவலி மாத்திரைக்குத் தேதியே இல்லை. "எனக்குத் தலைவலி வந்த தேதிதான் ஞாபகம் இருக்கு" என்று அவள் சொல்ல, சிரிப்பில் கூட்டம் கலகலத்தது.

கத்தரியக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "நல்லாப் பேசினே பாப்பா. போதும், டீ குடிச்சிட்டுக் கிளம்பு."

மாணவியின் முகம் வாடியது. காகிதத்தில் இன்னும் பாதி இருந்தது. "கடைசியா ஒண்ணுக்கா. மருந்து எவ்வளவு வீரியம்னு பார்க்கிறது. உங்க பெட்டியையே குடுங்க, அதை வச்சே சொல்லிடறேன்."

கத்தரியக்கா வேண்டா வெறுப்பாகப் பெட்டியை நீட்டினாள். மாணவி அதைக் கையில் வாங்கியதும் உள்ளே ஏதோ கடகடத்தது. கவிழ்த்தாள். ஒரு சின்னச் சொட்டுக்குழாய் அவள் உள்ளங்கையில் விழுந்தது.

"பாட்டில் எங்கக்கா?"

"வீட்ல."

"குழாய் இங்க இருக்கே. அங்க எதுல அளந்து குடுப்பாங்க?"

"பழைய பாட்டில் மூடி இருக்கு. அஞ்சு மில்லிக்குக் கோடு போட்டது. இந்தக் குழாயை எத்தனை வாட்டி அமுக்கிக்கிட்டு இருக்கிறது?"

மாணவி பெட்டியைக் கண்ணருகே கொண்டுபோனாள். அதுவரை தயங்கித் தயங்கி வந்த குரல் இப்போது தயங்கவில்லை. "அக்கா, இது சிரப் இல்ல. சொட்டு மருந்து. பழைய பாட்டில்ல அஞ்சு மில்லிக்கு நூத்தி இருபது மில்லிகிராம்னுதான் இருந்திருக்கும். இதுல ஒரு மில்லியிலேயே நூறு இருக்கு. மூடி நிறைய ஊத்தினா ஐநூறு. நாலு மடங்குக்கு மேல."

பழைய சிரப்பில் இருந்த அதே பெயர், அதே சிரிக்கும் குழந்தைப் படம், அதே நீல நிறம். கடைக்காரன் சிரப்பா சொட்டு மருந்தா என்று கேட்டது இப்போதுதான் கத்தரியக்காவுக்கு உறைத்தது. "குழந்தைக்குத்தான், சீக்கிரம் குடு" என்று அவன் பேச்சையும் வெட்டியிருந்தாள்.

கணவனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. குழந்தை தூங்குகிறாள், சத்தத்தை அடைத்து வை என்று சொல்லிவிட்டு வந்ததும் அவளேதான்.

செருப்பைத் தேடக்கூட நிற்காமல் ஓடினாள். பின்னாலேயே மாணவி, கோட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு. இரண்டு தெருதான். அன்றைக்கு அது முடியவே முடியாதது போல நீண்டது. கால் ஓடியதே தவிர, உயிர் அவளுக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டது.

கணவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மடியில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தாள். அவன் கையில் மூடி, கோடு வரைக்கும் மருந்து.

"குடுத்துட்டியா?"

"அழுகை நிக்கட்டும்னு இருக்கேன். இப்பக் குடுத்தா புரையேறும்ல. ஆனா இந்தக் கடைக்காரன் நம்மள நல்லா ஏமாத்திட்டான். மூணு வாட்டி ஊத்தினா பாட்டிலே காலி."

அவள் மூடியைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டினாள். குழந்தையை வாரி அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாணவிதான் குனிந்து, கொஞ்சமாவது உள்ளே போனதா என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள். ஒரு தடவையே அதிகம், அப்படியே அடுத்தடுத்த வேளையும் கொடுத்திருந்தால் கல்லீரலுக்கு ஆபத்து என்று அவள் சொன்னபோது கணவன் பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப இதுல எவ்வளவும்மா குடுக்கணும்?" என்று கேட்டான்.

"நான் இன்னும் படிச்சுட்டுதான் இருக்கேன் அண்ணா. அளவு நான் சொல்லக் கூடாது. வாங்க, கடையில இருக்கிற மருந்தாளுநரைக் கேட்போம்."

கடைக்கு மூவரும் குழந்தையோடு போனார்கள். மருந்தாளுநர் டாக்டருக்குப் போன் செய்து கேட்டார். பழைய சிரப்பையே எடுத்துக் கொடுத்தார். இந்த முறை கத்தரியக்கா அதை உடனே பையில் போடவில்லை. பெயர், வீரியம், தேதி என்று எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நிற்கட்டும் என்று அளவு மூடியின் கோட்டையும் சரிபார்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் காய்ச்சல் இறங்கி, குழந்தை தையல் மெஷினின் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அதுவரை வீட்டில் கூடவே இருந்த மாணவி விடைபெற எழுந்தாள்.

"எங்கே கிளம்பிட்டே? அந்தக் கோட்டைக் கழட்டு" என்றாள் கத்தரியக்கா.

"எதுக்கக்கா?"

கோட்டை வாங்கிக் கழுத்துப் பக்கம் திருப்பி, உள்ளே தைத்திருந்த துணித்துண்டைக் காட்டினாள். "என்ன போட்டிருக்கு படி."

மாணவி படித்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இருக்கிறதிலேயே பெரிய சைஸுக்கா. வாங்கும்போது பார்க்கலை."

"ஊருக்கெல்லாம் லேபிள் பார்க்கச் சொல்லிட்டு" என்று கத்தரியக்கா சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்தது. அதை மறைக்க அவள் மெனக்கெடவில்லை. "உன்னைப் பத்து நிமிஷத்துல அனுப்பப் பார்த்தேனே தாயி. நீ நின்னியே."

அளவு நாடாவை எடுத்து மாணவியின் தோளில் வைத்தாள். ஒரு தடவை அளந்தாள். கையை எடுத்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து அளந்தாள்.