பேராசிரியரின் ஒன்பது வரி

பேராசிரியர் பென்ஹாலோவின் பாடநூலில் ஒரு பத்தி ஒரே வாக்கியம், ஒன்பது வரி. அதை வியாழக்கிழமை வகுப்பில் அவர் முன்னாலேயே நெர்மின் விளக்க வேண்டும். ஒரு தடவை தோற்றாயிற்று. இன்னொரு தடவை தோற்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு துருக்கிக்கு, சொந்த ஊரான இஸ்மீருக்குப் போக வேண்டியதுதான்.

நூலகத்தின் மொழி உதவி மேசையில் இருந்த பிரிஜெட் பத்தியைப் படித்துவிட்டுத் தேநீரை ஒரு மிடறு விழுங்கினாள்.

"இது இங்கிலீஷே இல்ல கண்ணு. வெறும் ஜரிகை வேலை."

வாக்கியத்தைப் பென்சிலால் துண்டு துண்டாக வெட்டினாள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயம். கலைச்சொல்லை மட்டும் தொடவில்லை. அது தேர்விலும் வரும். அதற்கென்று போட்ட சொற்பட்டியலின் இடப்பக்கம் 'மோரல் ஹசார்டு' ஏறியது.

"துருக்கியில என்ன? அகராதி வேண்டாம், உங்க ஊர் பொருளாதாரப் புத்தகத்துல பாரு."

"அஹ்லாகி டெஹ்லிகே" என்று பார்த்து எழுதினாள் நெர்மின். பக்கத்தில் எளிய விளக்கம்: காப்பீடு இருந்தால் மனிதர் கவனம் குறைக்கலாம்.

"குறைக்கிறாங்கன்னு போட்டா சின்னதா இருக்குமே?" என்றாள் நெர்மின்.

"அவர் 'லாம்' போட்டிருக்கார். அதை எடுத்தா பொருளே மாறிடும்."

மீதி இருந்தது ஒன்று: 'மாணவர்களிடமே இது மிகுதி எனப் பரவலாக ஏற்கப்பட்டுள்ளது.'

"ஏற்கப்பட்டுள்ளதுன்னா, ஏத்துக்கிட்டது யாரு? ஆள் இல்லாம எளிய வாக்கியம் எழுத முடியாது" என்றாள் பிரிஜெட்.

அடிக்குறிப்புகளைத் தேடினார்கள். முதலாவதில் பென்ஹாலோ. இரண்டாவதில் பென்ஹாலோ. மூன்றாவதில் பென்ஹாலோவும் அவர் மனைவியும்.

நெர்மின் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினாள். பிறகு தாளைக் கவிழ்த்து, பார்க்காமல் தன் வார்த்தையில் சொல்லிக் காட்டினாள். பிரிஜெட் அதற்கப்புறம்தான் விட்டாள்.

வியாழன். பென்ஹாலோ தாடியைத் தடவியபடி, "ம், பரவலா ஏத்துக்கிட்டாங்கன்னு போட்டிருக்கே, யாரும்மா அந்தப் பரவல்?" என்றார், பாடம் நடத்துகிற குரலில்.

நெர்மின் அடிக்குறிப்பில் விரலை வைத்தாள்.

"நீங்க சொல்றீங்க. முன்னாடியும் நீங்களே சொன்னீங்க. ஒரு தடவை உங்க வீட்டம்மாவும் ஒத்துக்கிட்டாங்க."

பின் வரிசையில் யாரோ இருமினார்கள். இருமல் பரவலாக ஏற்கப்பட்டது.

"அப்ப கருத்தே தப்புங்கிறியா?"

"மோரல் ஹசார்டு தப்பில்ல. மாணவர்கள்தான் மோசம்ங்கிறதுக்கு இந்தப் புத்தகத்துல வேற ஆதாரம் இல்ல, அவ்வளவுதான்."

பென்ஹாலோ தன் புத்தகத்தையே, இப்போதுதான் கையில் கிடைத்தது போல, புரட்டிப் பார்த்தார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுத் தாளோடு நெர்மின் மேசைக்கு ஓடி வந்தாள். மதிப்பெண் கட்டம் வெறுமையாக இருந்தது. கீழே ஒன்பது வரியில் ஒரே வாக்கியம்.

"பிரிஜெட், என்னை ஊருக்கு அனுப்புறாரா? எனக்கு ஒண்ணுமே புரியலயே!"

பிரிஜெட் கண்ணாடியை மாட்டினாள். 'விமர்சன நோக்கிலான வாசிப்புத் திறனின் போதுமான அளவுக்கும் மேற்பட்ட வெளிப்பாடு' என்று தொடங்கி, எங்கெங்கோ வளைந்து, நான்காம் வரியில் தும்மி, ஒருவழியாக முடிவுக்கு வந்தது அது. பென்சிலால் வெட்டிக்கொண்டே போனாள். கடைசியில் ஒரு சொல் மிஞ்சியது.

"பாஸ்."

நெர்மின் பட்டியலை இழுத்து, எளிய விளக்கத்தின் பக்கம் அதையும் எழுதிக்கொண்டாள்.