வெள்ளி ஆறு மணியும் செவ்வாய் ஒன்பது மணியும்

புதன்கிழமை காலை மேலாளர் ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு சைட் ஆபீசுக்குள் நுழைந்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு யாருடைய தலையோ உருளப்போகிறது என்று. ஆஸ்பத்திரிக்கு லிஃப்ட் மாட்டும் அந்தச் சைட்டில் அவளை எல்லோரும் காலண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வேலை எத்தனை மணி நேரம் பிடிக்கும், அது எந்த நாளில் போய் முடியும் என்று அட்டவணை போடுவது அவள் வேலை. பெயர் வைத்தவர் ஃபிட்டர் அண்ணன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்.

"காலண்டரு, இது என்ன?" என்று மேலாளர் தாளை மேசையில் அடித்தார். "லிஃப்ட் ஒப்படைப்பு செவ்வாய்க்கிழமைன்னு போட்டிருக்கு. ஆஸ்பத்திரிக்கு நாம எழுதிக் கொடுத்தது வெள்ளிக்கிழமை!"

"வெள்ளிக்கிழமைதான் சார் முடியுது."

"கண்ணு தெரியலையா? செவ்வாய், காலை ஒம்பது மணி. நாலு நாள் லேட்டு! திங்கள் வேற பொது விடுமுறை. அதனால சனி, ஞாயிறு, திங்கள், மூணு நாளும் வேலை நடக்குது. ஆஸ்பத்திரிகிட்டப் பேசி அனுமதியும் வாங்கிட்டேன். எல்லாரும் வரணும். நீயும்தான்."

சனிக்கிழமை பத்து மணிக்கு அவள் தங்கைக்குப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம். அப்பா ஆறு மாதமாகத் தங்கையின் பெயரையே எடுப்பதில்லை. அப்பா போகாத இடத்துக்கு அம்மாவும் போக மாட்டாள். பெண் வீட்டார் என்று சொல்லிக்கொண்டு போய் நிற்கப் போவது அக்கா ஒருத்திதான். சாட்சிக் கையெழுத்தும் அவள்தான் போட வேண்டும். சைட்டில் வேலை நடக்கிற நாளெல்லாம் அட்டவணைக்காரி அங்கே இருக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. ஆக, சைட் திறந்தால் கல்யாணம் இல்லை.

அவள் தாளைத் திருப்பி அவர் பக்கம் வைத்தாள். "சார், கூட்டிப் பாருங்க. மிச்சம் இருக்கிறது மூணு வேலை. கதவு சரி பண்ண பத்து மணி நேரம். வயரிங் எட்டு. எடை ஏத்திச் சோதனை ஆறு. ஒண்ணு முடிஞ்சாத்தான் இன்னொண்ணு. நமக்கு ஒரு நாளுங்கிறது ஒம்பதுலேருந்து ஆறு, நடுவுல ஒரு மணி நேரம் சாப்பாடு. ஆறு மணிக்கு மேல சத்தம் போடக்கூடாதுன்னு ஆஸ்பத்திரி உத்தரவு. அப்ப நாளைக்கு எட்டு மணி நேரம். இன்னிக்குக் காலைல ஆரம்பிச்சா கதவு நாளைக்குப் பதினோரு மணிக்கு முடியும். வயரிங் வெள்ளி பதினோரு மணிக்கு. சோதனை வெள்ளி சாயங்காலம் ஆறு மணிக்கு."

"அப்ப ஒப்படைப்பு ஏன் செவ்வாய்னு காட்டுது?"

"ஒப்படைப்புங்கிறது வேலையே இல்ல சார். வெறும் கையெழுத்து. அதுக்கு நேரம் பூஜ்ஜியம். அதைக் கணினியில 'தொடக்கம்'னு குறிச்சிருக்கு. வெள்ளி ஆறு மணிக்குக் கடை மூடிடுச்சு. அதுக்கப்புறம் எது தொடங்கணும்னாலும் அடுத்து கடை திறக்கிற நேரத்துக்குப் போய் உக்காந்துக்கும். அது செவ்வாய் ஒம்பது மணி. வெள்ளி ஆறுக்கும் செவ்வாய் ஒம்பதுக்கும் நடுவுல வேலை நேரம் ஒரு நிமிஷம் கூடக் கிடையாது. கணக்குக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

மேலாளர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, பல்லெல்லாம் தெரியும், ஆனால் ஒரு சொட்டு மகிழ்ச்சி இருக்காது. "யார்கிட்டம்மா காது குத்துற? வெள்ளியும் செவ்வாயும் ஒண்ணா? லீவு வேணும்னா லீவு வேணும்னு கேளு."

சுருக்கென்று கோபம் வந்துவிட்டது அவளுக்கு. கணினியை அவர் பக்கம் திருப்பினாள். "சரி சார். நீங்க சொன்ன மாதிரியே சனிக்கிழமையைத் திறந்து விடுறேன். பாருங்க."

ஒப்படைப்பு சனி காலை ஒன்பது மணிக்கு வந்து நின்றது.

"பாத்தியா, முன்னாடி வந்துடுச்சு!" என்றார்.

"வெள்ளிக்கு வந்துச்சா? வரலையே. இன்னும் லேட்டுன்னுதான் காட்டுது. ஞாயிறையும் திறக்கிறேன். திங்களையும் திறக்கிறேன். இந்தாங்க." ஒன்றும் அசையவில்லை. அதே சனி ஒன்பது மணி. "வருஷம் பூரா திறந்து வெச்சாலும் இது வெள்ளிக்கு வராது. ஏன்னா வெள்ளிக்கு மேல மிச்ச வேலையே இல்ல. சனிக்கிழமை ஒம்பது மணிக்கு ஃபிட்டர் அண்ணன் வந்து நிப்பாரு. என்ன பண்ணணும்னு சொல்லுங்க சார். ஒரே ஒரு மணி நேர வேலை காட்டுங்க, நான் வர்றேன்."

பிறகு அந்த மூன்று நாளையும் பழையபடி மூடினாள். குறிப்பைத் 'தொடக்கம்' என்பதிலிருந்து 'முடிவு' என்று மாற்றினாள். ஒப்படைப்பு வெள்ளி மாலை ஆறு மணிக்குப் போய் உட்கார்ந்தது. வாசலில் எண்ணெய்க் கையோடு நின்றிருந்த ஃபிட்டர் அண்ணன் "அடி சக்கை!" என்றார். மேலாளர் அவரை முறைத்த முறைப்பில் அவர் கதவு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

புரியாமல் இல்லை அந்த மனிதருக்கு. புரிந்துவிட்டதுதான் பிரச்சினை. மூன்று நாள் ஆட்களை வேலை வாங்குகிறேன் என்று ஆஸ்பத்திரியில் மார் தட்டிவிட்டு வந்திருக்கிறார், இனி எந்த முகத்தோடு போய் மறுப்பது? "சொன்னது சொன்னதுதான். வேலை இருக்கோ இல்லையோ, சும்மாவாவது வந்து உக்காருங்க" என்றார்.

"உக்கார வர மாட்டேன் சார்."

"எதிர்த்துப் பேசுறியா?"

"ஆமா சார்."

மேலாளர் தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டார். "சரி. வெள்ளி ஆறு மணிக்கு ஒப்படைப்புக் கையெழுத்து விழுந்தாகணும். அஞ்சு நிமிஷம் தப்பினாலும் சனிக்கிழமை ஒம்பது மணிக்கு நீ இங்க நிக்கிற" என்றார். அவள் சரி என்றாள்.

அன்று சாயங்காலம் அம்மா போன் செய்தாள். இவள் நடந்ததைச் சொல்லி ஆதங்கப்பட்டாள். அம்மாவோ உற்சாகமாகிவிட்டாள்.

"அட, நல்லதாப் போச்சுடி! சனிக்கிழமை வேலைன்னு சொல்லிடு. அப்பாவுக்கும் கோபம் வராது, தங்கச்சியும் ஒண்ணும் நினைக்க மாட்டா. ஆபீஸ் வேலைன்னா யாரு என்ன சொல்ல முடியும்?"

அவளுக்கு வெட்கமாக இருந்தது. காலையில் மேலாளர் 'சனிக்கிழமை வேலை' என்று சொன்ன நொடியில், தங்கையின் நினைப்போடு கூட இன்னொன்றும் அவளுக்குள் ஓடியது. 'அப்பாடா, அப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டாம்' என்று ஒரு நிம்மதி. ஒரு நொடிதான். ஆனால் ஓடியது உண்மை. தங்கை தனியாக நிற்பதற்கு எல்லோரிடமும் ஒரு நல்ல காரணம் இருந்தது. தன்னிடமும் ஒன்று வந்து சேர்ந்துவிட்டதே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"சனிக்கிழமை வேலை இல்லம்மா. அப்பாகிட்டச் சொல்லிடு, நான் போறேன்னு. கேட்டாத்தான் சொல்வேன்னு இருக்காத. கேக்காமலே சொல்லு."

"ஏண்டி இப்படிப் பிடிவாதம் பிடிக்கிற?"

"நீ பிடிக்காததுனாலதாம்மா." சொல்லிவிட்டு போனை வைத்தாள். வைத்தபிறகு கொஞ்சம் அழுதாள், அதை மறைப்பானேன்.

வியாழன் பதினோரு மணிக்குக் கதவு முடிந்தது. வெள்ளி பதினோரு மணிக்கு வயரிங் முடிந்தது. ஃபிட்டர் அண்ணன் டீ குடிக்கப் போனால்கூட ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார். அவருக்கும் மூன்று நாள் லீவு ஆயிற்றே! இரும்பு எடைகளை லிஃப்டில் அடுக்கி, மேலும் கீழும் ஓட்டி, ஒவ்வொரு மாடியிலும் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் கணக்குப்படி போனது. மிச்சம் வைக்க ஒரு நிமிஷம்கூட இல்லாத கணக்கு.

நாலு மணிக்கு மேலாளர் வந்தார். கூடவே ஆஸ்பத்திரி நிர்வாகி அம்மா, கழுத்தில் கேமரா மாட்டிய ஒருவன்.

"எடையெல்லாம் இறக்குங்கப்பா. அம்மா லிஃப்டுல ஏறிப் பாக்கட்டும், ஒரு போட்டோ எடுத்துக்கலாம். ஒரு மணி நேரம் நிறுத்தினா குடி முழுகிடாது. மிச்சத்தை நாளைக்குக் காலைல பாத்துக்கலாம், அதான் அனுமதி வாங்கி வெச்சிருக்கேனே" என்றார்.

இல்லாத வேலையைச் சனிக்கிழமைக்கு உண்டாக்கப் பார்க்கிறான் இந்த ஆள்! ஃபிட்டர் அண்ணன் எடையில் கை வைத்தபடி இவளைப் பார்த்தார். இவள் லிஃப்ட் வாசலில் குறுக்கே போய் நின்றாள்.

"இறக்காதீங்க அண்ணே."

"ஏய், நான் சொல்றேன், நிறுத்து!" என்றார் மேலாளர்.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. "அம்மா, நீங்க சொல்லுங்க" என்றாள் நிர்வாகியிடம். "இப்ப நிறுத்தலைன்னா ஆறு மணிக்கு லிஃப்ட் உங்க கையில. ஒரு மணி நேரம் நிறுத்தினா, அந்த ஒரு மணி நேரம் இன்னிக்கு ராத்திரிக்குள்ள போகாது, நீங்களே ஆறுக்கு மேல விடுறதில்ல. நாளைக்கு ஒம்பதுக்கு ஆரம்பிச்சுப் பத்துக்கு முடியும். நாளைக்குப் பத்து மணிக்கு என் தங்கச்சிக்குக் கல்யாணம். எங்க வீட்டிலேருந்து யாரும் வரலை, நான் ஒருத்திதான் போறேன். நான் போயே தீருவேன். லிஃப்ட் என்னிக்கு வேணும்னு நீங்க சொல்லுங்க."

மேலாளர் முகம் சிவந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நிர்வாகி அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "எனக்கு லிஃப்ட் இன்னிக்கு வேணும். போட்டோவுக்கு என்ன அவசரம்? வாங்க, படியில ஏறி மாடியெல்லாம் பாத்துட்டு வரலாம்" என்று மேலாளரைக் கூட்டிக்கொண்டு நடந்தார். ஆறு மாடி. மேலாளருக்கு முட்டி வலி வேறு. கேமராக்காரன் மட்டும் ஓரமாக உட்கார்ந்துகொண்டான்.

ஆறு அடிக்கச் சில நிமிடம் இருக்கையில் கடைசி ஓட்டம் முடிந்து லிஃப்ட் தரையோடு தரையாக வந்து நின்றது. ஃபிட்டர் அண்ணன் ஒரு விசில் அடித்தார். நிர்வாகி அம்மா கையெழுத்துப் போட்டார், தேதியும் நேரமும் எழுதினார்.

மேலாளர் இவளைத் தனியாகக் கூப்பிட்டார். "செவ்வாய்க்கிழமை முதல் வேலையா என் ரூமுக்கு வா. உன் திமிருக்கு ஒரு முடிவு கட்டணும்."

"வர்றேன் சார். ஒம்பது மணிக்கு."

சனிக்கிழமை பதிவு அலுவலகக் கூடத்தில் மாப்பிள்ளை பக்கம் ஒரே கூட்டம், பேச்சு, சிரிப்பு. எதிர்வரிசை நாற்காலிகளில் தங்கை மட்டும் உட்கார்ந்திருந்தாள், பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்துக்கொண்டு. அக்காவைக் கண்டதும் எழுந்து நின்றாள். கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். இவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். பதிவாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கூட்டமே இல்லாத பெண் வீட்டார் பக்கத்தைப் பார்த்தார். "பொண்ணு வீட்டுலேருந்து யாரும் வரலையா?" என்று கேட்டார்.

"வந்திருக்கோம்" என்று சொல்லி அவள் பேனாவை வாங்கினாள்.